24 பக்கம், ஒரு தாள்

தப்பே இல்லாத ஒரு சுருக்கம் எப்படி உதவாமல் போகும் என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை விடவில்லை. எங்கள் மெய்யியல் செமினார் குழுவில் ஒருவர் அமெரிக்க மெய்யியலாளர் குவைனின் ‘டூ டாக்மாஸ் ஆஃப் எம்பிரிசிசம்’ கட்டுரையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொண்டுவந்தார். 1951 ஜனவரியில் ‘ஃபிலசாஃபிகல் ரிவ்யூ’ இதழில் வந்த கட்டுரை அது. 24 பக்கம்தான், ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஆளை உட்கார வைத்துவிடும். அவர் கொண்டுவந்த தாளில் கட்டுரையின் ஆறு பகுதிகளுக்கும் ஆறு பத்திகள் இருந்தன. எந்த வரியையும் தவறென்று சொல்ல முடியாது. எல்லாரும் வாசித்தோம், தலையாட்டினோம், அப்புறம் யாருக்கும் பேச எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு குவைனை விட்டு எங்கோ போய்விட்டது. “எல்லாம் இதுல இருக்கு, ஆனா எதைப் பிடிச்சுப் பேசறதுன்னு தெரியல” என்று ஒருவர் சொன்னதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட உருப்படியான கருத்து.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டேன். விவாதிக்கிறார், ஆராய்கிறார், குறிப்பிடுகிறார், அலசுகிறார், முன்வைக்கிறார். “குவைன் முதலில் பகுப்புக் கூற்றுக்கும் தொகுப்புக் கூற்றுக்கும் உள்ள வேறுபாட்டை விவாதிக்கிறார். பிறகு வரையறை பற்றி ஆராய்கிறார். அடுத்து ஒருபொருள் சொற்களை அலசுகிறார்.” இதைப் படித்தால் குவைன் நாள் முழுக்க என்ன வேலை பார்த்தார் என்று தெரிகிறது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அந்தக் கட்டுரை ஒரு தாக்குதல். 20 ஆண்டுகளாக அனுபவவாத மெய்யியலுக்கு முதுகெலும்பாக இருந்த ஒரு பாகுபாட்டை உடைக்க வந்த கட்டுரை. சுருக்கத்திலோ அது பாடத்திட்டத்தின் பொருளடக்கம் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

அதே கட்டுரையை நானே சுருக்கிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது. குவைனைத் தெரியாதவர்களும் தொடரலாம், தேவையான அளவு சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஓரத்தில் ஒரு குறி

கோட்பாட்டுக் கட்டுரையைச் சுருக்குவதில் பெரிய ஆபத்து எதையாவது விட்டுவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிரியர் அடித்து நொறுக்க எடுத்து வைத்த கருத்தை அவருடைய கருத்தாகவே எழுதிவிடுவது. குவைன் மாதிரி ஆட்கள் எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லிக்காட்டுவார்கள். ஒரு யோசனையை எடுப்பார், அதற்கு வரக்கூடிய சில்லறை ஆட்சேபங்களைத் தானே பதில் சொல்லி விலக்குவார், அதை முடிந்த அளவு பலப்படுத்துவார். இப்படி இரண்டு மூன்று பக்கம் போகும். அப்புறம்தான் கைவைப்பார். அந்த நடுப்பக்கங்களில் இருந்து ஒரு வரியை உருவினால், “மாற்றி வைத்தாலும் உண்மை கெடாத சொற்கள் ஒருபொருள் சொற்கள் என்கிறார் குவைன்” என்று சுருக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அவர் சொன்னது அதற்கு நேர் எதிர்.

இதற்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. முதல் வாசிப்பில் குறிப்பே எடுப்பதில்லை. இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுகிறேன். ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொன்னால் ‘ஆ’. எதிராளி சொல்வதை எடுத்துச் சொன்னால் ‘எ’. எதிராளிக்காக ஆசிரியரே ஒரு வாதத்தைத் தற்காலிகமாகக் கட்டிக்கொடுத்தால் ‘த’. இந்த மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். குவைன் கட்டுரையின் முதல் நான்கு பகுதிகளில் இப்படிக் குறி போட்டு முடித்தபோது ‘ஆ’ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது, அதுவும் பெரும்பாலும் பகுதியின் கடைசியில். அப்படியென்றால் அந்தப் பகுதிகளைத் தலைப்பு வாரியாகச் சுருக்குவதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரு முயற்சி, அந்த முயற்சி எங்கே விழுந்தது என்பதுதான் அதன் சாரம்.

ஓரத்துக் குறி போட்டு முடித்ததும் ‘இந்தப் பத்தி என்ன சொல்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பத்தி ஏன் இங்கே தேவைப்பட்டது’ என்று கேட்க ஆரம்பித்தேன். முன்னதற்குப் பதில் எழுதினால் சுருக்கம் நீண்டுகொண்டே போகிறது, ஏனென்றால் ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. பின்னதற்குப் பதில் எழுதினால் பல பத்திகள் சேர்ந்து ஒரே வரியாகிவிடுகின்றன.

சங்கிலி

சரி, கட்டுரைக்குள் போகலாம். “திருமணமாகாத ஆண் எவரும் திருமணமானவர் அல்ல” என்பது உண்மை. அதில் ‘திருமணம்’ என்றால் என்னவென்றே தெரியாவிட்டாலும் உண்மை, ஏனென்றால் வாக்கியத்தின் அமைப்பே அப்படி. “பேச்சிலர் எவரும் திருமணமானவர் அல்ல” என்பதும் உண்மைதான். ஆனால் இதற்கு அமைப்பு மட்டும் போதாது, ‘பேச்சிலர்’ என்றால் ‘திருமணமாகாத ஆண்’ என்று பொருள் தெரிய வேண்டும். உலகத்தைப் போய்ப் பார்க்காமல் சொற்பொருளை வைத்தே உண்மையென்று சொல்லிவிடக்கூடிய இத்தகைய கூற்றுகளைப் பகுப்புக் கூற்றுகள் என்றும், உலகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறவற்றைத் தொகுப்புக் கூற்றுகள் என்றும் பிரிப்பது காண்ட் காலத்திலிருந்து வரும் வழக்கம். குவைன் கேட்கிற கேள்வி: ‘பேச்சிலர்’ உதாரணத்தில் ‘ஒரே பொருள்’ என்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் முயற்சி, வரையறை. அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அகராதிக்காரர் ஏற்கெனவே மக்களிடம் புழங்கும் ஒருபொருண்மையைப் பார்த்துப் பதிவு செய்கிறார், அவர் அதை உண்டாக்கவில்லை. புதிதாக ஒரு சுருக்கக் குறியீட்டை நாமே வைத்துக்கொள்ளும்போது மட்டும்தான் வரையறை ஒருபொருண்மையை உண்டாக்குகிறது. மற்ற இடங்களில் எல்லாம் வரையறையே ஒருபொருண்மையை நம்பி நிற்கிறது.

இரண்டாவது முயற்சி, மாற்றி வைத்துப் பார்ப்பது. ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்றை வைத்தாலும் வாக்கியத்தின் உண்மை கெடாவிட்டால் இரண்டும் ஒரே பொருள். மூன்றாவது, சாதாரண மொழி தெளிவற்றது என்பதால் செயற்கை மொழி ஒன்றை அமைத்து, எந்தெந்தக் கூற்றுகள் பகுப்புக் கூற்றுகள் என்று அதன் விதிகளிலேயே சொல்லிவிடுவது. இது மெய்யியலாளர் கார்னாப் பக்கத்து யோசனை. குவைன் பதில்: பட்டியலில் எவை இருக்கின்றன என்று விதி சொல்கிறது, எந்தத் தன்மைக்காக இருக்கின்றன என்று சொல்லவில்லை. அந்தத் தன்மை என்ன என்பதுதானே கேள்வி.

இந்த மூன்றில் நடுவில் உள்ளதற்குத்தான் தாளில் அதிக இடம் கொடுத்தேன், அதுதான் கட்டுரையின் மூன்றாவது பகுதி. என் சுருக்கத்தில் அது இப்படி இருந்தது:

“‘மாற்றி வைத்தாலும் உண்மை கெடாவிட்டால் ஒருபொருள்’ என்று சொல்லிப் பார்க்கலாம். சாதாரண வாக்கியங்களில் இது போதாது: ‘இதயம் உள்ள உயிரினம்’, ‘சிறுநீரகம் உள்ள உயிரினம்’ என்ற இரண்டும் அதே உயிரினங்களைத்தான் குறிக்கின்றன, மாற்றி வைத்தால் உண்மை கெடாது, ஆனால் பொருள் ஒன்றல்ல. ‘அவசியமாக’ என்ற சொல் உள்ள மொழியில் இந்தச் சோதனை போதும். ஆனால் அந்தச் சொல் புரிய வேண்டுமானால் பகுப்புக் கூற்று என்றால் என்னவென்று முன்பே புரிந்திருக்க வேண்டும். (பகுதி 3)”

நான்கே வாக்கியம்தான். முதல் வாக்கியத்தில் உள்ள ‘சொல்லிப் பார்க்கலாம்’ யாருடைய கருத்து என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. இதயம், சிறுநீரகம் உதாரணத்தை விடவே கூடாது. சுருக்கத்தில் இடம் போதவில்லை என்றால் எல்லாரும் முதலில் வெட்டுவது உதாரணத்தைத்தான். இந்த இடத்தில் அதை வெட்டினால் ‘சாதாரண வாக்கியங்களில் இது போதாது’ என்பது வெறும் தீர்ப்பாக நிற்கும், ஏன் என்று யாராலும் கேட்கவோ மறுக்கவோ முடியாது. கட்டுரையில் இரண்டு வகை உதாரணங்கள் இருக்கின்றன. சொன்னதை விளக்க வருபவை ஒரு வகை, வாதத்தையே சுமப்பவை இன்னொரு வகை. பின்னதை எடுத்தால் கூரை இறங்கிவிடும். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க அந்த உதாரணத்தை விரலால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படித்துப் பார்த்தாலே போதும்.

விளக்க வரும் உதாரணத்துக்கும் ஒன்று சொல்கிறேன். பெயர் குறிக்கும் பொருளும் சொல்லின் அர்த்தமும் வேறு என்று காட்ட, ‘9’ என்பதையும் ‘கோள்களின் எண்ணிக்கை’ என்பதையும் குவைன் எடுத்துக்கொள்கிறார்: இரண்டும் குறிப்பது ஒரே எண்ணை, ஆனால் இரண்டும் ஒரே எண்தான் என்று தெரிய வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது உதாரணமே பொய்யாகிவிட்டது. ஆனால் வாதத்துக்கு ஒரு சேதமும் இல்லை. இதை எழுத எனக்கு ரொம்ப ஆசை. வெட்டிவிட்டேன்.

ஒட்டுப்போட்ட இடம்

முதல் நான்கு பகுதிகளை எழுதி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி இருந்தது. ஐந்தாவது பகுதிக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. ‘மேலும்’ என்று ஒரு சொல் போட்டுத்தான் ஐந்தாவது பகுதிக்குள் நுழைய முடிந்தது. முந்தைய பகுதிகளுக்கிடையே ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘அப்படியானால்’ என்று இயல்பாக வந்தன. இங்கே மட்டும் ‘மேலும்’. குழுவில் கொடுத்த பழைய தாளை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே இடத்தில் ‘மேலும்’தான் இருந்தது.

சுருக்கத்தில் ‘மேலும்’ வரும் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று, இணைப்பு இருக்கிறது, நான் அதைப் பிடிக்கவில்லை. இல்லாவிட்டால் கட்டுரையிலேயே இணைப்பு பலவீனமாக இருக்கிறது, சுருக்கம் அதைப் பூசி மறைக்கிறது. இரண்டில் எதுவென்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

கட்டுரைத் தலைப்பில் உள்ள ‘டாக்மா’ என்றால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. பகுப்பு, தொகுப்பு என்ற பாகுபாடு முதல் நம்பிக்கை, ஐந்தாவது பகுதியில் குவைன் இரண்டாவது நம்பிக்கையை எடுக்கிறார். ஒவ்வொரு கூற்றுக்கும் அதை உறுதிப்படுத்தக்கூடிய அனுபவங்கள் தனித்தனியாக உண்டு, கூற்றைத் தனியே எடுத்து அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அது. குவைன் இதை மறுத்து, கூற்றுகள் தனித்தனியாக அல்ல, ஒட்டுமொத்தமாகத்தான் அனுபவத்தின் முன்னால் நிற்கின்றன என்கிறார். ஒரு சோதனை எதிர்பார்த்தபடி வராவிட்டால், எந்தக் கூற்றைக் கைவிடுவது என்று சோதனையே சொல்லாது. கோட்பாட்டைக் கைவிடலாம், கருவியைப் பற்றிய அனுமானத்தைக் கைவிடலாம், கணக்கைச் சந்தேகப்படலாம். இதற்கும் பேச்சிலருக்கும் என்ன சம்பந்தம்?

நான்கு தடவையாவது படித்த பிறகுதான் அந்த ஒற்றை இணைப்பு தெரிந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் தனக்கென்று உறுதிப்படுத்தும் அனுபவங்கள் உண்டு என்று ஒத்துக்கொண்டால், அதன் எல்லையில் ஒரு விசேஷக் கூற்று கிடைக்கும்: என்ன அனுபவம் வந்தாலும் உறுதிப்படுகிற கூற்று. அதுதான் பகுப்புக் கூற்று! முதல் நான்கு பகுதிகளில் தேடித் தேடிக் கிடைக்காத வரையறை இங்கே சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் குவைன் இந்த வழியையும் அடைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நம்பிக்கைகளும் வேரில் ஒன்றே என்று அவர் சொல்வதும் இதனால்தான். ஆக ஐந்தாவது பகுதி புதுத் தலைப்பு அல்ல, கடைசி முயற்சி. என் தாளில் ‘மேலும்’ போய், “இன்னும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது” என்று வந்தது.

ஆனால் இணைப்பைக் கண்டுபிடித்ததும் அதன் பலவீனமும் கூடவே தெரிந்தது. முதல் நான்கு பகுதிகள் செய்வது ஒரு வகை வேலை: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு விளக்கமும் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது என்று காட்டுவது. அதற்குக் குவைன் எந்தக் கொள்கையையும் தன் பக்கத்திலிருந்து வைக்க வேண்டியதில்லை. ஐந்தாவது பகுதியில் அப்படி இல்லை. கூற்றுகள் ஒட்டுமொத்தமாகவே அனுபவத்தைச் சந்திக்கின்றன என்பது அவரே வைக்கும் கொள்கை, அதற்கு அவர் தரும் ஆதாரம் மிகக் குறைவு. அந்தக் கொள்கையை ஒருவர் ஏற்கவில்லை என்றால் கடைசி வழி திறந்தே இருக்கிறது. அப்போது முதல் நான்கு பகுதிகள் மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும்?

கட்டுரையின் இந்த ஒட்டுப்போட்ட இடத்தை நேர்த்தியாகப் பூசாமல் தாளில் தெரியும்படி விட வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல சுருக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். செமினாருக்கு வழுவழுப்பு ஆகாது, பிடிக்க இடமில்லாமல் எல்லாரும் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் குழுவில் நடந்ததும் அதுதான்.

இடப் பங்கீடு

ஏ4 தாளில் படிக்கத்தக்க எழுத்தளவில், ஓரம் விட்டு, தமிழில் 350 சொற்களுக்கு மேல் வைத்தால் கண் வலிக்கும். அதற்குள் பங்கு பிரிக்க வேண்டும். கேள்வி என்ன, யாரை எதிர்த்து என்பதற்கு 40 சொல். முதல் நான்கு பகுதிகளின் சங்கிலிக்கு 140. ஐந்தாவது பகுதிக்கு 80. ஆறாவதுக்கு 40. மிச்சம் 50 சொல்லில் குழு பேச வேண்டிய இரண்டு கேள்விகள்.

ஆறாவது பகுதிக்கு இவ்வளவு குறைவா என்று குவைன் பிரியர்கள் கோபப்படலாம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்தப் பகுதியைத்தான். நம் அறிவு முழுவதும் மனிதர்கள் நெய்த துணி, அனுபவம் அதன் விளிம்பில் மட்டுமே படுகிறது என்பதும், பௌதிகப் பொருட்களுக்கும் ஹோமரின் கடவுள்களுக்கும் அறிவுத்தளத்தில் உள்ள வித்தியாசம் அளவில்தான், வகையில் அல்ல என்பதும் அங்கேதான் வருகின்றன. படிக்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே புது வாதம் குறைவு, முன்பே சொன்னதிலிருந்து விளைவுகளைத்தான் எடுக்கிறார். தாளில் நான் வைத்தது இரண்டே கருத்து: மற்ற இடங்களில் போதிய மாற்றம் செய்யத் தயாராக இருந்தால் எந்தக் கூற்றையும் உண்மையென்று காப்பாற்றலாம், எந்தக் கூற்றும், தர்க்க விதியே ஆனாலும், திருத்தத்துக்கு அப்பாற்பட்டதல்ல. அழகான பகுதிக்குத் தாளில் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு, அதைச் சாத்தியமாக்கிய வறண்ட பகுதிகளை ஒரு வரியில் தள்ளிவிடுவது கோட்பாட்டுச் சுருக்கங்களின் நிரந்தர வியாதி.

ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் பகுதி எண்ணைப் போட்டேன், பக்க எண்ணை அல்ல. ஒருவர் இதழ் நகலையும் இன்னொருவர் 1953-இல் வந்த கட்டுரைத் தொகுப்பையும் கொண்டுவருவார்கள், பக்க எண்கள் ஒத்துப்போகாது. கட்டுரைக்கு வந்த மறுப்புகள் எதையும் சேர்க்கவில்லை. 1956-இல் கிரைஸும் ஸ்ட்ராசனும் எழுதிய பதில் கட்டாயம் பேசப்பட வேண்டியதுதான். ஆனால் மறுப்பைத் தாளிலேயே போட்டால் குழு குவைனைப் படிப்பதை விட்டுவிட்டு அவர் தோற்றாரா ஜெயித்தாரா என்று ஸ்கோர் போட ஆரம்பித்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. சுருக்கத்தின் வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டிக் கலைத்து, கட்டுரையைப் படிக்காத ஒரு நண்பரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். ஏறக்குறைய சரியாக அடுக்கினார். செயற்கை மொழி பற்றிய இரண்டு வாக்கியங்களை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அது முன்னதிலிருந்து ஏன் கிளம்புகிறது என்று நான் எழுதியிருக்கவில்லை. “மாற்றி வைக்கும் சோதனை சாதாரண மொழியின் தெளிவின்மையால்தான் தோற்றது என்று நினைத்தால்” என்று ஒரு தொடரைச் சேர்த்ததும் இடம் கிடைத்துவிட்டது. பழைய தாளின் ஆறு பத்திகளையும் இதே மாதிரி கலைத்துக் கொடுத்திருந்தால் அவர் எந்த வரிசையில் அடுக்கினாலும் அது சரியாகவே தோன்றியிருக்கும்.

இந்த முறை எல்லாக் கட்டுரைக்கும் பொருந்தாது. நடையிலேயே வாதத்தை ஒளித்து வைக்கும் ஆசிரியர்கள் உண்டு, அவர்களைச் சங்கிலியாக்கினால் எலும்பு மட்டும் மிஞ்சும். அங்கே ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, அதைச் சுற்றி நான்கு குறிப்பு எழுதுவது மேல். குவைனிலும் ஒன்று தொலைந்துதான் போகிறது. அந்த நான்கு பகுதிகளையும் முழுதாகப் படிக்கும்போது ஒவ்வொரு முட்டுச்சந்திலும் போய்த் திரும்பி வந்த களைப்பு வரும், வேறு வழியே இல்லை போலிருக்கிறது என்று நம்ப வைப்பதில் பாதி வேலையை அந்தக் களைப்புதான் செய்கிறது. 140 சொல்லில் யாருக்கும் களைப்பு வராது.

குழுவில் தாளைக் கொடுத்தபோது கீழே இருந்த முதல் கேள்வி இது: “பகுதி 5-இன் கொள்கையை ஏற்காத ஒருவருக்கு, பகுதி 1 முதல் 4 வரை எதை நிறுவுகின்றன?” முன்பு பேசவே பேசாத ஒருவர் உடனே ஆரம்பித்தார். “ஒன்றும் நிறுவலை. சுத்தி வர்றது ஏன் குற்றம்? ஒருபொருண்மை, அவசியம், பகுப்பு, இதெல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஒண்ணை வெச்சு இன்னொண்ணைத்தான் விளக்க முடியும். வெளியிலேருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து விளக்கு என்று கேட்டால் பாதிச் சொற்களுக்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியாது.” இன்னொருவர் விடவில்லை. குடும்பமே கற்பனையாக இருந்தால் என்ன செய்வது, சூனியம், மந்திரம், ஏவல் என்று ஒன்றையொன்று விளக்கிக்கொண்டே போகலாமே என்றார். இதயத்தையும் சிறுநீரகத்தையும் இழுத்தார்கள், எல்லாரும் கட்டுரையைத் திறந்து மூன்றாவது பகுதிக்குப் போனார்கள். இரண்டாவது கேள்விக்கு நாங்கள் வரவே இல்லை.

முதலில் பேசியவர் சொன்னது கிரைஸும் ஸ்ட்ராசனும் வைத்த வாதத்துக்கு ரொம்ப நெருக்கம். அவர் அதைப் படித்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த 1956 கட்டுரையை எடுத்துக்கொள்வது என்று முடிவானது, சுருக்கம் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது.